இயந்திரத்தின் சாவி யார் கையில்?

ஹரியானா மாநிலம் ஃபரீதாபாத்தில் உள்ள வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் தொழிலாளி ஒருவர், தம் பிரிவின் மேற்பார்வையாளருக்கு இந்தியில் ஒரு கடிதம் எழுதினார். உயர்திறன் தேவைப்படும் இயந்திரப் பணியில் தமக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதே அவரது வேண்டுகோள். ஒரு பக்கத்துக்கும் குறைவான அக்கடிதத்தின் சாரம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் இங்கே பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதல் ஏழு ஆண்டுகள் கை லேத்தில் இருந்தேன். அந்த லேத்துகளை எடுத்துவிட்ட பிறகு, நான்கு ஆண்டுகளாக சி.என்.சி. லேத்தில் துண்டுகளை ஏற்றி இறக்குகிறேன். மைக்ரோமீட்டரில் அளவு பார்க்க எனக்குத் தெரியும். அளவு தப்பப் போவது முன்கூட்டியே தெரிகிறது. ஆனால் திருத்த அனுமதி இல்லை. செட்டர் வரும்வரை நிற்கிறேன். தாங்கள் தயவு கூர்ந்து எனக்கு செட்டிங் வேலை கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தால் என் குடும்பத்துக்குப் பேருதவியாக இருக்கும். தவறு ஏதும் நேராமல் பார்த்துக்கொள்வேன்.”

மேற்பார்வையாளர் கடிதத்தை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். “பார்க்கலாம்” என்றார். அதோடு விஷயம் முடிந்தது. எழுத்தில் பதில் வரவில்லை.

இத்தகைய கடிதங்கள் நாட்டின் எல்லாத் தொழிற்பேட்டைகளிலும் எழுதப்படுகின்றன. தொழிற்சங்கங்கள் பெரும்பாலும் இவற்றைத் தனிமனிதரின் முன்னேற்ற ஆசையாகக் கருதி ஒதுக்கிவிடுகின்றன. இது பிழையான பார்வை. ஊதியம், தரநிலை, உற்பத்தியின் மீதான கட்டுப்பாடு ஆகிய மூன்று பிரச்சினைகளும் ஒன்றுசேரும் புள்ளியில் இக்கடிதம் நிற்கிறது. அதைப் புரிந்துகொள்ள, அவர் நிற்கும் இயந்திரத்தின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும்.

ஒன்பது மைக்ரான் திருத்தம்

அந்த இயந்திரத்தில் கடையப்படும் புஷ் ஒன்றின் வெளிவிட்டம் 40 மில்லிமீட்டர். வரைபடம் அனுமதிக்கும் விலகல், மேலே பூஜ்யம், கீழே 25 மைக்ரான். அதாவது விட்டம் 39.975 முதல் 40.000 வரை இருக்கலாம். நடு அளவான 39.988-ஐ இலக்காக வைத்தே செட்டர் காலையில் இயந்திரத்தை அமைத்துவிட்டுச் செல்கிறார்.

வெட்டும் இன்செர்ட்டின் முனை, துண்டுக்குத் துண்டு சிறிது சிறிதாகத் தேய்கிறது. முனை தேயத் தேய அது வெட்டும் ஆழம் குறைகிறது. ஆகவே வெளிவிட்டம் கூடிக்கொண்டே போகிறது. அறுபது துண்டுகளுக்குப் பின் மைக்ரோமீட்டர் 39.997 காட்டுகிறது. அது இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த இருபது, முப்பது துண்டுகளுக்குள் எல்லை தாண்டிவிடும் என்பது அளவு பார்ப்பவருக்குத் தெரியும். “அளவு தப்பப் போவது முன்கூட்டியே தெரிகிறது” என்று அவர் எழுதியது இதைத்தான்.

தீர்வு எளிது. கட்டுப்பாட்டுத் திரையில் ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து, அந்தக் கருவிக்குரிய தேய்மான இடத்தில் X அச்சுக்கு −0.009 என்று சேர்க்க வேண்டும். அடுத்த துண்டு மீண்டும் 39.988-க்குத் திரும்பிவிடும். அரை நிமிட வேலை.

அந்த அரை நிமிட வேலையைச் செய்ய அவருக்கு அனுமதி இல்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு பூட்டு இருக்கிறது. அதன் சாவி செட்டரிடம் இருக்கிறது. ஒரு செட்டர் எட்டு இயந்திரங்களைப் பார்க்கிறார். அவர் வந்து சேரப் பதினைந்து நிமிடம் ஆகிறது. ஒரு ஷிஃப்டில் மூன்று முறை இவ்வாறு நேர்கிறது. ஆக, ஒரு ஷிஃப்டில் 45 நிமிடம் இயந்திரம் சும்மா நிற்கிறது.

ஒரு துண்டைக் கடைய 150 விநாடியும், ஏற்றி இறக்க 25 விநாடியும் ஆகின்றன; மொத்தம் 175 விநாடி. 45 நிமிடம் என்பது 2,700 விநாடி. எனவே ஷிஃப்டுக்கு 15 துண்டுகள் இழப்பு. மாதத்துக்கு 26 வேலைநாள் என்று கொண்டால், ஒரே இயந்திரத்தில் ஒரு ஷிஃப்டில் மட்டும் பத்தொன்பதரை மணி நேரம் வீணாகிறது.

பயிற்சிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் மூன்று மாதம், அதாவது 78 மணி நேரம். கை லேத்தில் ஏழு ஆண்டு தேர்ந்த ஒருவருக்கு இது போதுமானது. முதல் மாதம் செட்டரின் கண்முன் தேய்மான ஆஃப்செட்டைத் திருத்தப் பழகலாம். இரண்டாம் மாதம் இன்செர்ட் மாற்றி, முதல் துண்டைத் தாமே சரிபார்க்கலாம். மூன்றாம் மாதம் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சக்கின் தாடைகளைக் கடைந்து பொருத்துவது, கருவிகளின் நீளத்தைப் பதிவது, துண்டின் பூஜ்யப் புள்ளியை அமைப்பது, நிரலைப் படிப்பது ஆகியவற்றுக்கு வரலாம். `G01 X40.0 F0.2` என்ற வரியைப் பார்த்தவுடன், விட்டம் 40-க்கு வரும் நேர்கோட்டு நகர்வு, சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் ஊட்டம் என்று அவர் வாசித்துவிட வேண்டும். கை லேத்தில் இதையே அவர் கைப்பிடிச் சக்கரத்தைச் சுழற்றிச் செய்துவந்தார். புதியது எழுதும் முறை மட்டும்தான்.

அந்த 78 மணி நேரமும் இயந்திரம் முற்றிலுமாக நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டாலும், காத்திருப்பு ஒழிவதால் மாதந்தோறும் மீளும் பத்தொன்பதரை மணி நேரத்தைக் கொண்டு நான்கே மாதங்களில் அது ஈடாகிவிடும்.

அச்சம் உண்மையானதே, ஆனால் அது காரணம் அல்ல

மேற்பார்வையாளரின் தயக்கத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. கூட்டல், கழித்தல் குறியை மாற்றிப் போட்டால் விட்டம் 40.006 ஆகும், துண்டை மீண்டும் கடைய வேண்டும். தசமப் புள்ளி இடம் மாறி 0.009 என்பது 0.9 ஆகிவிட்டால் துண்டு குப்பைக்குத்தான். பூஜ்யப் புள்ளியைத் தவறாக அமைத்தால் கருவி தாங்கி சுழலும் சக்கில் மோதும். சுழல்தண்டின் தாங்கிகள் பழுதாகும். இயந்திரம் நாட்கணக்கில் நிற்கும். அருகில் இருப்பவருக்குக் காயமும் நேரலாம்.

இந்த ஆபத்துகளுக்கு இயந்திரத்திலேயே காப்பு உண்டு. புதிய அமைப்பை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம். விரைவு நகர்வைக் கால் பங்காகக் குறைக்கலாம். துண்டு பொருத்தாமல் வெற்றோட்டம் பார்க்கலாம். ஒரே தடவையில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆஃப்செட்டை ஏற்காதபடி பல கட்டுப்பாட்டுக் கருவிகளில் வரம்பு வைக்கவும் முடியும். இன்றைய செட்டரும் இவ்வழியில்தான் கற்றார். எனவே விபத்து அச்சம் பயிற்சியை ஒழுங்காக நடத்துவதற்கான காரணமே ஒழிய, மறுப்பதற்கான காரணம் அல்ல.

மேற்பார்வையாளரும் கூலிக்கு உழைப்பவரே. அன்றாட உற்பத்தி இலக்கு அவர் தலைமேல் தொங்குகிறது. பயிற்சி நேரத்தை அந்த இலக்கிலிருந்து கழிக்கவோ, தரநிலையை உயர்த்தவோ அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் மேலே இருக்கிறது. அங்கே மறுப்புக்கான காரணம் வேறு.

சி.என்.சி. இயந்திரத்தின் பிறப்பிலேயே அக்காரணம் அடங்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் இயந்திரக் கருவிகளைத் தானியங்கியாக்க இரு வழிகள் முன்வந்தன. ஒன்று, தேர்ந்த தொழிலாளி முதல் துண்டைக் கடையும்போது அவரது கையசைவுகளை நாடாவில் பதிந்து, பின்னர் அதையே இயந்திரம் திரும்பச் செய்வது. மற்றொன்று, அலுவலகத்தில் அமர்ந்தவர் எண்களாக எழுதும் நிரலை இயந்திரத்துக்கு ஊட்டுவது. இரண்டாவது வழிக்கே அமெரிக்க விமானப்படையின் நிதி கிடைத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-இல் அதைச் செயல்படுத்திக் காட்டியது. முதல் வழி கைவிடப்பட்டதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் மட்டுமே இல்லை, அறிவு பட்டறைத் தொழிலாளியிடம் எஞ்சியிருப்பதை நிர்வாகங்கள் விரும்பாததும் ஒரு காரணம் என்பதை வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். திட்டமிடும் மூளையையும் செய்யும் கையையும் பிரிப்பது மூலதனத்தின் பொதுப்போக்கு என்பதை 1974-இல் ஹாரி பிரேவர்மன் விளக்கியிருந்தார்.

ஃபரீதாபாத் தொழிலாளியின் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள பூட்டு அந்தப் பிரிவினையின் சிறிய வடிவம். இயந்திரம் நின்றால் நிர்வாகத்துக்கு நட்டம்தான். எனினும், அந்த நட்டத்துக்கு ஈடாக அது வேறொன்றைப் பெறுகிறது. ஏற்றி இறக்க மட்டும் தெரிந்தவரை ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். அவர் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியை நிறுத்தலாம். வேலைநிறுத்தம் வந்தால் அவர் இன்றியும் உற்பத்தியை நடத்தலாம். செட்டரை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

இதன் ஊதியப் பக்கமும் தெளிவானது. குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கைகள் தொழிலாளர்களைப் பொதுவாகத் திறன் பெறாதோர், அரைத்திறன் பெற்றோர், திறன் பெற்றோர், உயர்திறன் பெற்றோர் என வகுக்கின்றன. பிறரது மேற்பார்வையில் செய்யும் வேலை அரைத்திறன். முன்முயற்சியும் சொந்தமாக முடிவெடுக்கும் ஆற்றலும் தேவைப்படும் வேலை திறன் என்பதே அவ்வரையறைகளின் சாரம். −0.009 என்று எழுதுவதா வேண்டாமா என்பது ஒரு முடிவு. அந்த முடிவை எடுக்கும் உரிமையைப் பூட்டிவைத்தால், ஏழாண்டு லேத் அனுபவம் உள்ளவரையும் அரைத்திறன் படியிலேயே நிறுத்திவைக்க முடியும். திறன் அவரிடம் இருக்கிறது. அதை வேலையில் காட்ட வாய்ப்பு மறுக்கப்படுவதால் அது கணக்கில் வராமல் போகிறது.

சுவரில் தொங்கும் அட்டவணை

வாகன நிறுவனங்களுக்கு உதிரிபாகம் வழங்கும் தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற தரச்சான்றிதழ் பெற்றவை. தரத்தைப் பாதிக்கும் எந்தப் புதிய அல்லது மாற்றப்பட்ட பொறுப்பிலும் அமர்த்தப்படுவோருக்குப் பணியிடப் பயிற்சி அளிக்க வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர்களும் இதில் அடங்குவர் என்று அத்தரநெறியே கூறுகிறது. இதற்குச் சான்றாகவே பட்டறைச் சுவரில் திறன் அட்டவணை மாட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு எதிரே, ஒவ்வொரு பணிக்கும் நான்காகப் பகுக்கப்பட்ட ஒரு வட்டம். கால்வட்டம் நிரம்பியிருந்தால் கற்றுக்கொண்டிருப்பவர். அரை வட்டம் என்றால் பிறர் பார்வையில் செய்பவர். முக்கால் என்றால் தனித்துச் செய்பவர். முழுவட்டம் என்றால் பிறருக்குக் கற்பிக்கத் தகுந்தவர்.

கடிதம் எழுதும் தொழிலாளி முதலில் பார்க்க வேண்டியது இந்த அட்டவணையை. இரண்டில் ஒன்று அங்கே தெரியவரும். செட்டிங் பணிக்கு எதிரே வட்டம் காலியாக இருந்தால், தணிக்கைக்கு வருவோருக்கு நிர்வாகம் காட்டும் பயிற்சித் திட்டத்தில் அவர் பெயர் ஏன் இல்லை என்று கேட்கலாம். பயிற்சியே தராமல் முக்கால் வட்டம் நிரப்பி வைத்திருந்தால், அவர் திறன் பெற்றவர் என்பதற்கு நிர்வாகமே கையெழுத்திட்ட ஆவணம் அது. தரச்சான்றுக்குத் திறனாளி, ஊதியப் பட்டியலில் அரைத்திறனாளி என்ற இரட்டைக் கணக்கு அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

சட்டம் இதற்கு எவ்வளவு உதவும்? 1957-இல் நடைபெற்ற 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தொழில்நுட்ப மாற்றத்தால் இருக்கும் தொழிலாளர்களுக்கு வேலையிழப்போ வருவாய் இழப்போ நேரக்கூடாது, கிடைக்கும் பலன் பங்கிடப்பட வேண்டும் என்ற நெறியை ஏற்றது. ஆயினும் அது பரிந்துரை மட்டுமே. தொழில் தகராறுச் சட்டத்தின் நான்காம் அட்டவணை, தரநிலை வகைப்பாட்டை மாற்றுவதற்கும், ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய இயந்திர மேம்பாட்டுக்கும் முன்னறிவிப்பு கட்டாயம் என்றது. தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இடம்பெற்றிருக்கிறது. கை லேத்துகளை அகற்றிய நாளில் சங்கம் இதைப் பற்றிக்கொண்டிருந்தால், பயிற்சியை அன்றே பேரப் பொருளாக்கியிருக்க முடியும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த அச்சட்டத் தொகுப்பில், மறுதிறன் நிதி என்று ஒன்றும் உண்டு. ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 15 நாள் தொகையை முதலாளி செலுத்த வேண்டும். அது தொழிலாளியின் கணக்குக்குச் செல்லும். கவனிக்க வேண்டியது அந்த வரிசையை. வேலையில் இருக்கும்போது கற்றுக்கொடு என்று கேட்பவருக்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. வெளியே தள்ளப்பட்ட பிறகே திறன் வளர்ப்பு அவர் நினைவுக்குக் கொண்டுவரப்படுகிறது, அதுவும் அரை மாத ஊதியத்தின் அளவில்.

கடிதத்தைத் திருத்தி எழுதுதல்

தொழிலாளியின் கடிதத்தில் வலுவான வாக்கியமும் இருக்கிறது, வலுவற்ற வாக்கியமும் இருக்கிறது. “அளவு தப்பப் போவது முன்கூட்டியே தெரிகிறது, செட்டர் வரும்வரை நிற்கிறேன்” என்பது வலுவானது. அது உண்மையைச் சொல்கிறது, எண்களால் நிறுவத்தக்கது. “தயவு கூர்ந்து, என் குடும்பத்துக்குப் பேருதவியாக இருக்கும்” என்பது வலுவற்றது. அது பயிற்சியைச் சலுகையாக்குகிறது. சலுகை ஒருவருக்குக் கிடைத்தால், அடுத்தவருக்கு எதிராகவும் பயன்படும்.

சங்கம் செய்ய வேண்டியது முதல் வாக்கியத்தை விரிப்பது. இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொரு இயந்திரத்திலும் செட்டருக்காகக் காத்திருந்த நேரத்தை ஆபரேட்டர்கள் குறித்துவைக்க வேண்டும். எந்த நேரம், எந்தத் துண்டு, மைக்ரோமீட்டர் காட்டியது என்ன, எத்தனை நிமிடக் காத்திருப்பு ஆகிய நான்கு விவரங்கள் போதும். பிறகு கடிதத்தை ஒருவர் அல்ல, அப்பிரிவின் ஆபரேட்டர்கள் அனைவரும் கையெழுத்திட்டு, மேற்பார்வையாளர் வழியாக ஆலை நிர்வாகத்துக்குத் தந்து, பெற்றதற்கான முத்திரையும் வாங்க வேண்டும். படி ஒன்று சங்கத்திடம் இருக்க வேண்டும்.

அக்கடிதத்தில் நான்கு கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். பயிற்சி வேலைநேரத்துக்குள் நடக்க வேண்டும். அந்நேரம் அன்றைய இலக்கிலிருந்து கழிக்கப்பட வேண்டும். தேர்வு பணிமூப்பின் வரிசையில் நடக்க வேண்டும், மேற்பார்வையாளரின் விருப்பப்படி அல்ல. பயிற்சிக் காலத்தில் உண்மையாக முயன்றும் கெட்டுப்போகும் துண்டுகளுக்கு ஊதியப் பிடித்தமோ ஒழுங்கு நடவடிக்கையோ கூடாது. மூன்று மாத முடிவில் எழுத்துபூர்வமான மதிப்பீடு நடந்து, தேறியவருக்கு அன்றைய தேதியிலிருந்தே தரநிலையும் ஊதியமும் உயர வேண்டும்.

நான்காவது கோரிக்கை விடுபட்டால் மற்ற மூன்றும் தொழிலாளிக்கு எதிராகத் திரும்பும். பயிற்சியில் இருப்பவர் என்ற பெயரிலேயே செட்டரின் வேலையை ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொள்ளும் நிர்வாகங்கள் உண்டு. பல்திறன் என்ற பெயரில் இன்னொரு பொறியும் உண்டு. செட்டிங் தெரிந்தவரிடம் இரண்டு, மூன்று, நான்கு இயந்திரங்களை ஒப்படைப்பது. மேலே கண்ட வேலையில் ஐந்து துண்டுக்கு ஒன்றை அளக்க 40 விநாடி ஆகிறது என்று கொண்டால், ஒரு துண்டுக்குச் சராசரி 8 விநாடி. ஏற்றி இறக்கும் 25 விநாடியோடு சேர்த்து ஓர் இயந்திரத்துக்கு 33 விநாடி. நான்கு இயந்திரங்களென்றால் 132 விநாடி. 175 விநாடிச் சுற்றில் எஞ்சுவது 43 விநாடி. அதற்குள் நடந்து, துடைத்து, இன்செர்ட் பார்த்து, தண்ணீரும் குடிக்க வேண்டும். ஆகவே ஒருவருக்கு எத்தனை இயந்திரம் என்பதும் அதே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். பயிற்சிக்கு ஈடாக இத்தனை ஆண்டு விலகமாட்டேன் என்று தனியாகப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கத்தையும் ஏற்கக்கூடாது. ஊதியத்தையும் தரநிலையையும் உயர்த்துவதே ஆளைத் தக்கவைக்கும் வழி.

பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியையும் இக்கடிதம் உள்ளடக்க வேண்டும். அவருக்குப் பயிற்சி தர நிர்வாகம் கூடுதலாகத் தயங்கும். முதன்மை நிறுவனமே அவருக்கு நேரடியாக வேலை கற்றுத் தந்து மேற்பார்வை செய்தது என்பது எழுத்தில் பதிவானால், இடையில் உள்ள ஒப்பந்தம் பெயரளவிலானது என்று தொழில் தீர்ப்பாயத்தில் வாதிட அது ஒரு சான்றாகும். நிர்வாகம் எழுத்தைத் தவிர்ப்பதும், சங்கம் எழுத்தை வற்புறுத்த வேண்டியதும் இதனால்தான். நிரந்தரத் தொழிலாளர்கள் தங்களுக்கு மட்டும் சாவியைக் கேட்டுப் பெற்றால், ஏற்றி இறக்கும் வேலை முழுவதும் ஒப்பந்தத்துக்குப் போய்விடும். சாவி பெற்றவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.

ஃபரீதாபாத் கடிதம் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது. அதை எழுதியவர் ஒருவர்; அதன் உள்ளடக்கம் அந்தப் பட்டறையில் மைக்ரோமீட்டர் பிடிக்கும் அத்தனை பேருடையது. அடுத்த ஊதிய ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலைத் தயாரிக்கும்போது, பஞ்சப்படிக்கும் போனசுக்கும் அருகில், யாருக்கு எந்த இயந்திரத்தில் எப்போது பயிற்சி, எந்தத் தேதியில் தரநிலை உயர்வு என்பதும் ஒரு தனிப் பிரிவாக இடம்பெற வேண்டும்.